அன்னாசிப்பூவும் ஒரு மறுப்பு மடலும்

முழுப் பொய்யான செய்தி நெடுநாள் உயிர்வாழ்வதில்லை. யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் அதன் கதை முடிந்துவிடுகிறது. பாதி மெய் கலந்த செய்திதான் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. நம் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு மாலைப் பொழுதில் வந்து சேர்ந்த செய்தியும் அவ்வகையைச் சேர்ந்ததே. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து மூன்று வேளை அருந்தினால் எந்த ஃப்ளூ காய்ச்சலும் ஒரே நாளில் பறந்தோடிவிடும்; டாமிஃப்ளூ என்னும் விலையுயர்ந்த மாத்திரை இந்தப் பூவிலிருந்துதான் செய்யப்படுகிறது; மருத்துவர்கள் இதை மறைக்கிறார்கள்; கைக்குழந்தைக்கும் ஒரு கரண்டி புகட்டலாம் என்பது அதன் சாரம். நோயை இறக்கிய இறைவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்னும் கருத்துள்ள நபிமொழியை இறுதியில் முத்திரைபோல் ஒட்டியிருந்தார்கள். பலமுறை கைமாறி வந்ததைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் தலையில் இருந்தது.

அனுப்பியவர் நம் பெரிய வாப்பா. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். குடும்பத்தில் எவருக்குத் தலைவலி என்றாலும் முதலில் விசாரிப்பவர். அன்பினால் அனுப்பியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அன்றே நம் சாச்சி மகள், காய்ச்சலாயிருந்த தன் எட்டு மாதப் பிள்ளைக்கு எத்தனை கரண்டி கொடுப்பது என்று அதே குழுவில் கேட்டுவிட்டாள். இனி மரியாதைக்காக வாய்மூடி இருப்பதற்கில்லை.

இத்தகைய வேளைகளில் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாம் முதலில் அந்தப் பெண்ணுக்குத் தனியே தொலைபேசியில் அழைத்து, பிள்ளைக்கு அந்தக் கஷாயம் வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டு என்று சொன்னோம். அடுத்துப் பெரிய வாப்பாவை அழைத்து, “தாங்கள் அனுப்பிய செய்தியில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி ஆபத்து, குழுவில் விளக்கம் எழுதட்டுமா?” என்று கேட்டோம். நாலுபேர் நடுவில் திருத்தப்படுவது வேறு, முன்கூட்டிக் கேட்கப்படுவது வேறு. “எழுது, வாப்பா” என்றார்கள். அதன்பிறகு எழுதிய மடல் இது:

“அஸ்ஸலாமு அலைக்கும். பெரிய வாப்பா அவர்கள் நம் நலம் நாடி அனுப்பிய அன்னாசிப்பூச் செய்தியைப் பற்றிச் சில வரிகள்.

அதில் உண்மை உண்டு. டாமிஃப்ளூ என்பது ஓசெல்டாமிவிர் என்னும் மருந்து. அதைச் செய்வதற்கான தொடக்கப் பொருளாகிய ஷிகிமிக் அமிலத்தைச் சீன அன்னாசிப்பூவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 2005-ல் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் அம்மருந்துக்குத் தேவை பெருகியபோது பூவுக்கும் பெரும் கிராக்கி உண்டானது. பிற்காலத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டும் அந்த அமிலத்தை உண்டாக்கத் தொடங்கினார்கள்.

ஆனால், ஷிகிமிக் அமிலம் மருந்தன்று. ஆலையில் ஏறத்தாழப் பத்து வேதிப் படிகளைக் கடந்து, உருவம் மாறிய பின்னரே அது ஓசெல்டாமிவிர் ஆகிறது. அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் அந்தப் படிகளில் ஒன்றைக்கூடச் செய்யாது. பருத்திக் காயைத் தோளில் போட்டுக்கொண்டால் சட்டை ஆகுமா? அப்படித்தான் இதுவும். ஃப்ளூ வைரசு நம் உடலின் ஒரு செல்லில் பெருகிய பின், அங்கிருந்து அறுத்துக்கொண்டு வெளியேற ஒரு நொதியைக் கத்திபோல் பயன்படுத்துகிறது. டாமிஃப்ளூ அந்தக் கத்தியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. அமிலத்துக்கு அந்த வடிவம் இல்லை. அதனால் அந்த வேலையும் இல்லை.

குடித்தவர்களுக்குக் குணமாயிற்றே என்று கேட்கலாம். உடல்வலு உள்ளவர்க்கு ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். மூன்றாம் நாளில் கஷாயம் குடித்தவர் ஐந்தாம் நாளில் எழுந்து நடந்தால் பெயர் கஷாயத்துக்குப் போகிறது. அந்த மாத்திரையே நோய்நாளில் ஏறக்குறைய ஒரு நாளைத்தான் குறைக்கிறது. அதுவும் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் அதிகம். இங்குதான் நமக்குக் கவலை. நம் வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்களும், கருவுற்ற பெண்ணும், சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கஷாயத்தை நம்பி இரண்டு நாள் காத்திருந்தால் மருந்து நன்கு வேலை செய்யக்கூடிய அந்த நேரம் கழிந்துவிடும்.

குழந்தைக்கு அறவே வேண்டாம். நாம் சமையலில் சேர்ப்பது சீன இனம்; அது தீங்கற்ற வாசனைப் பொருள். அதே முகச்சாயலில் ஜப்பானிய இனம் ஒன்று இருக்கிறது. அது நரம்பைத் தாக்கும் நஞ்சுடையது. அந்நாட்டில் ஊதுவத்திக்குப் பயன்படுவது. காய்ந்த பின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது அரிது. பொடியாக்கிவிட்டால் முடியவே முடியாது. 2003-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இந்தப் பூவின் தேநீர் அருந்திக் கைக்குழந்தைகள் உட்படச் சுமார் 40 பேர் வாந்தி, வலிப்பு முதலியவற்றுக்கு ஆளானதைச் சுட்டி, அத்தேநீரை அருந்த வேண்டாம் என எச்சரித்தது. பிரியாணியில் இரண்டு பூ போடுவது வேறு. பிள்ளையின் வாயில் சாறாகப் புகட்டுவது வேறு.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உணர்வு மங்கினாலோ, இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறி இருமல் கூடினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோய்க்கு மருந்துண்டு என்னும் நபிமொழி நம் நம்பிக்கை. ஆயினும் அது இந்தப் பூவைச் சுட்டவில்லை. அதன் கீழ் எவரோ இந்தப் பூவை எழுதிவிட்டார். வஸ்ஸலாம்.”

மடலில் சில சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தோம். ‘பொய்’ என்னும் சொல்லை ஆளவில்லை. உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டோம்; அவ்வாறு செய்யாவிட்டால், டாமிஃப்ளூ பற்றி எங்கோ படித்திருக்கும் மச்சான் ஒருவர், “அது உண்மைதானே!” என்று எழுந்து நின்றிருப்பார், பேச்சு அங்கேயே திசைமாறியிருக்கும். மூலச் செய்தியை மறுபடியும் ஒட்டி வைக்கவில்லை. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் மறுப்பைவிடச் செய்தியே முதலில் படும் என்பது ஒரு காரணம். அதை அப்படியே எடுத்துப் பிற குழுவுக்கு அனுப்பிவிடுபவரும் உண்டு என்பது மற்றொன்று. நபிமொழியைப் பற்றிய வரியை மூன்றுமுறை திருத்தி எழுதினோம். செய்தியை மறுப்பவர் நபிமொழியையே மறுக்கிறார் என்று எவரும் எண்ணிவிடலாகாது. வதந்தியைக் கட்டியவர் அந்த மரியாதையைத்தான் கேடயமாக்கியிருந்தார். செய்தி கொண்டுவருபவனை விசாரித்துத் தெளியுமாறு சூரா ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் பணிப்பதை நாம் மடலில் சேர்க்கவில்லை. பெரிய வாப்பாவைச் சாடுவதுபோல் ஆகிவிடக்கூடாதே!

சில மணி நேரம் கழித்துச் சாச்சி மகளிடமிருந்து, மருத்துவர் பிள்ளையைப் பார்த்துவிட்டார், நீர்ச்சத்துக் குறையாமல் கவனிக்கச் சொன்னார் என்று வந்தது. இரவு இஷாவுக்குப் பின் பெரிய வாப்பாவும் இரண்டு வரி எழுதினார்கள். அந்தச் செய்தியை ஜமாஅத் குழுவுக்கும் பழைய பள்ளி நண்பர்கள் குழுவுக்கும் முன்பே அனுப்பியிருந்தார்களாம். நம் மடலில் குடும்பத்தாரைப் பற்றிய வரிகளை நீக்கித் தரும்படியும், தாமே அவ்விரு குழுக்களுக்கும் அனுப்பப் போவதாகவும் சொல்லியிருந்தார்கள்.