எம்சிபி பார்க்காத இடம்

சைவச் சமையல்கட்டில் மீன் கருகுகிற வாடை. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்ததும், நான் கூடவே சுற்றிக்கொண்டிருந்த வயர்மேன் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பழைய சுவிட்ச், பிளக்குகளில் இருக்கிற ஒருவகைப் பிளாஸ்டிக் சூடேறிக் கருகும்போது அந்த வாடை அடிக்கும் என்று போகிற வழியில் சொன்னார். புகையோ பொறியோ தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத்தான் முதலில் தெரியுமாம்.

முற்றம் வைத்த ஓட்டு வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் செய்த வயரிங். சுவரோடு ஓடும் தேக்குக் கட்டை, அதன்மேல் கிளிப் அடித்த வயர், மரப்பெட்டிக்கு மேல் சன்மைகா பலகை போட்ட சுவிட்ச் போர்டுகள். பிற்பாடு யாரோ வந்து பழைய ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிவிட்டு, வாசல் பக்கம் புது எம்சிபி பெட்டியும் ஆர்சிசிபியும் வைத்திருந்தார்கள்.

"எல்லாம் புதுசா மாத்தியாச்சே. எதுவும் ட்ரிப் ஆகலையே, அப்பறம் என்ன?" என்றார் டீச்சர்.

"அதான் டீச்சர் பயமே" என்று வயர்மேன் சொல்லிவிட்டு, போர்டைத் திறக்காமல் இண்டக்‌ஷன் அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து முழுச் சூட்டில் ஓடவிடச் சொன்னார்.

கிளாம்ப் மீட்டர் 8.5 ஆம்பியர் காட்டியது. வாசல் பெட்டியில் 227 வோல்ட். அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சமையல்கட்டுப் பிளக்கில் 214. நடுவில் 13 வோல்ட் காணாமல் போயிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார். பெட்டியிலிருந்து அடுப்புவரை 15 மீட்டர், போக வர 30 மீட்டர். வயர் 2.5 ஸ்கொயர் எம்எம் அலுமினியம். இந்த நீளத்துக்கு அதன் மின்தடை சுமார் 0.34 ஓம், அதனால் 8.5 ஆம்பியருக்கு 3 வோல்ட் குறைவது நியாயம். மீதி 10 வோல்ட் வயரில் குறையவில்லை, ஜாயிண்டுகளில் குறைகிறது. பத்தை எட்டரையால் பெருக்கினால் 85 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சூடு, மரப்பெட்டிக்குள் எங்கோ, தினமும் சமைக்கிற நேரமெல்லாம்.

இதை எம்சிபி ஏன் கண்டுகொள்ளவில்லை? அது பார்ப்பது கரண்டின் அளவை மட்டும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு எட்டரை ஒரு பொருட்டே இல்லை. மோசமான ஜாயிண்ட் கரண்டைக் கூட்டுவதில்லை, கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். ஆர்சிசிபி பார்ப்பது வேறு: பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று. ஜாயிண்ட் எவ்வளவு கொதித்தாலும் போனது அத்தனையும் திரும்பி வருகிறது. இரண்டு பாதுகாப்புக் கருவிகளின் கணக்கிலும் அந்த வீட்டில் எந்தக் குறையும் கிடையாது.

மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு திறந்தார்கள். தாழ்வாரத்து மூலையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். சமையல்கட்டை மாற்றிக் கட்டியபோது பழைய அலுமினிய வயரை அங்கே நிறுத்தி, மிச்ச தூரத்துக்குச் செம்பு வயர் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். டேப் கரியாக உதிர்ந்தது. அலுமினியத்தின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பிளக்கின் நியூட்ரல் திருகும் தளர்ந்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. நியூட்ரலை யாரும் கவனிப்பதில்லை என்றார் அவர். பேஸில் ஓடுகிற அதே கரண்ட்தான் அதிலும் ஓடுகிறது, ஷாக் அடிக்காது என்பதால் அதற்கு மரியாதை குறைவு.

உதவிக்கு வந்த பையன் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "அண்ணே, நல்லா டைட் வச்சிட்டா சரியாப் போயிடும்ல?"

"வச்சு வச்சுத்தான்டா இந்தக் கதி."

இதுதான் நான் அன்று கற்ற பாடத்தின் நடுப்பகுதி. அலுமினியம் செம்பைவிட மட்டமான கடத்தி என்பது பாதி உண்மை. ஒரே தடிமனில் அதன் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அதற்கேற்பத் தடித்த வயரைப் போட்டால் தீர்ந்தது. கம்பத்திலிருந்து நம் மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயர் இன்றும் பெரும்பாலும் அலுமினியம்தானே. தொல்லை தொடங்குவது திருகுக்கு அடியில். தொடர்ந்து அழுத்தம் இருந்தால் அலுமினியம் மெல்ல மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். சூட்டில் பித்தளைத் திருகைவிட அதிகமாக விரியும், ஆறும்போது அதிகமாகச் சுருங்கும். ஒவ்வொரு சமையலுக்கும் ஒருமுறை விரிந்து சுருங்கினால், சில வருடத்தில் திருகுக்கும் வயருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின்மேல் ஆக்ஸைடு படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது. தடை கூடும், சூடு கூடும், சூட்டில் இன்னும் தளரும். தளர்ந்ததைத் திரும்பத் திரும்ப இறுக்கினால் வயர் தட்டையாகி மெலிந்து, ஒருநாள் அந்த இடத்திலேயே ஒடியும். செம்பும் கூடவே முறுக்கப்பட்டு, காவிரிக்கரை ஈரமும் சேர்ந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். செம்பின் விலை ஏறியதால் 1965 வாக்கிலிருந்து வீடுகளுக்குள் அலுமினிய வயர் போட ஆரம்பித்தார்கள். பிறகு அங்கே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்காக நடந்த ஆய்வில், 1972க்கு முந்திய அலுமினிய வயர் போட்ட வீடுகளில் ஏதாவது ஒரு இணைப்பாவது தீப்பிடிக்கும் நிலையை எட்ட, செம்பு வீடுகளைவிட 55 மடங்கு அதிக வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தது. அங்கேயும் எண்ணிப் பார்த்தது இணைப்புகளைத்தான். நம் ஊரில் காரணம் கொஞ்சம் வேறு. செம்பு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அலுமினியத்துக்கோ மேட்டூரிலேயே அறுபதுகளில் ஆலை வந்துவிட்டது. டீச்சர் வீட்டை அன்று வயரிங் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்த வேலை சுத்தமாக இருந்தது, ஆனால் அவர் காலத்தில் அந்த வயர் சுமந்தது விளக்கும் மின்விசிறியும் ஒரு ரேடியோவும்தான்.

அங்கிருந்துதான் பழுது பார்ப்பது எப்படி என்ற பேச்சு வந்தது. வீடு முழுக்க மாற்ற டீச்சரிடம் பணம் இல்லை, வயர்மேனும் வற்புறுத்தவில்லை. ஜாயிண்டில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு மின்விசிறியும் இரண்டு எல்இடி விளக்கும் அரை ஆம்பியர்கூட எடுக்காது. அடுப்பு எடுப்பது ஏறக்குறைய அதன் 17 மடங்கு என்றால், அதே மோசமான ஜாயிண்டில் சூடு முந்நூறு மடங்குக்குப் போய்விடும். ஆகவே சமையல்கட்டுக்கும் கீசருக்கும் வாசல் பெட்டியிலிருந்து நேராக 4 ஸ்கொயர் செம்பு, பேஸும் நியூட்ரலும், கூடவே எர்த்தும். வழியில் எங்கும் ஜாயிண்ட் இல்லாமல், கேசிங் கேப்பிங்கில். விளக்கு லைன்கள் இப்போதைக்கு அலுமினியத்திலேயே இருக்கட்டும், அவற்றில் யாரும் அயர்ன் பாக்ஸ் மாட்டிவிடாதபடி போர்டிலுள்ள பிளக்குகளை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

விளக்கு லைனில் அலுமினியமும் செம்பும் சேர்ந்தே ஆகவேண்டிய இடங்கள் இரண்டு மிஞ்சின. அங்கே அவர் கை வேகம் குறைந்தது. கருகிய முனையை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டினார். உறையைச் சுற்றிக் கத்தி போடாமல் சாய்வாகச் சீவினார். அலுமினியத்தில் சுற்றுக்கீறல் விழுந்தால் இரண்டு வளைவில் ஒடிந்துவிடும். ஆக்ஸைடு தடுக்கும் பசையைப் பூசி, பசைக்கு அடியிலேயே உப்புத்தாளால் தேய்த்தார், காற்றுப் படக்கூடாது என்பதற்காக. பிறகு வெள்ளீயம் பூசிய கனெக்டரில் ஒரு பக்கத் திருகுக்கு அலுமினியம், மறுபக்கத்துக்குச் செம்பு, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல். இதுவும் நிரந்தரம் இல்லை, எங்கே இருக்கிறதென்று எழுதிவைத்து வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கணும் என்று டீச்சரிடமே சொன்னார். மீட்டருக்கு முந்திய பக்கத்தை அவர் தொடவில்லை. அது சீல் வைத்தது, ஈபி ஆட்கள்தான் பார்க்கவேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் நாம் என்ன கேட்கவேண்டும் என்று மத்தியானம் டீ குடிக்கும்போது அவரையே கேட்டேன். "பாயிண்டுக்கு எவ்வளவுன்னுதான் சார் எல்லாரும் கேக்கறாங்க" என்றார். பாயிண்ட் கணக்கில் கூலி பேசினால் நல்ல ஜாயிண்டுக்கும் முறுக்கிவிட்ட ஜாயிண்டுக்கும் ஒரே காசு. முறுக்குவது ஒரு நிமிடம், ஒழுங்காகச் செய்தால் கால்மணி நேரம். அதனால் முதலில், 'ஜாயிண்ட் எங்கெங்கே வரும், மூடுவதற்கு முன்னால் எனக்குக் காட்டுவீர்களா' என்று கேட்கவேண்டும். பழைய வயர் அலுமினியமா, அப்படியானால் செம்போடு எதை வைத்துச் சேர்ப்பீர்கள் என்பது அடுத்தது. 'முறுக்கி டேப் அடிச்சா போதும் சார்' என்று பதில் வந்தால் அவரை அனுப்பிவிடலாம். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படவேண்டாம். கம்பியாள் தகுதிச் சான்றிதழ் வாங்கியவர் அதைப் பெருமையாகவே காட்டுவார். வேலை முடிந்ததும், பெரிய லோடை ஓடவிட்டுப் பெட்டியிலும் பிளக்கிலும் வோல்ட் அளந்து காட்டச் சொல்லலாம். அன்று சாயங்காலம் அதே அடுப்பு, அதே பாத்திரம்: வித்தியாசம் ஒன்றரை வோல்ட்.

வயர் வாங்கும் இடத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது என்று அவர் சொன்னதற்குக் காரணம், செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் செம்பென்ற பெயரில் சந்தையில் விற்பதுதான். ஐஎஸ் 694 என்றும் அளவும் உறைமேல் அச்சிட்டிருக்கவேண்டும், ஆனால் அச்சு யார் வேண்டுமானாலும் போடலாம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும், அது ஒரு சோதனை. எடை இன்னொன்று. செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். 4 ஸ்கொயர் வயர் 90 மீட்டர் காயிலில் செம்பு மட்டுமே 3.2 கிலோ இருக்கவேண்டும், அலுமினியமாக இருந்தால் ஒரு கிலோ.

அன்று காலையில் புதுக் காயில் வந்ததும் டீச்சர் பிரிக்க விடவில்லை. பையனிடம் கொடுத்து எதிர்த்த மளிகைக் கடைத் தராசில் வைக்கச் சொன்னார். உறையோடு சேர்த்து நான்கு கிலோவைத் தொட்டது. அதன் பிறகுதான் ஏணியை உள்ளே எடுத்துவர அனுமதி கிடைத்தது.