எட்டு நிமிடத்தில் மாறிய லக்னம்

இரட்டைப் பெண்கள் இருவருக்குமே வரன் தட்டிப்போகிறது என்று நண்பர் வருத்தப்பட்டார். அவர்களின் ஜாதகம் கணித்த ஜோசியர் மயிலாடுதுறையில் இருக்கிறார். நண்பரோடு போனேன். திண்ணையில் பஞ்சாங்கமும் நீளவாக்கு நோட்டும் வைத்து உட்கார்ந்திருந்தார் பெரியவர்.

பெண்கள் பிறந்தது ஆனி மாத ஆரம்பத்தில், மாலை 6.14க்கும் 6.22க்கும். நோட்டில் இரண்டு ராசிக் கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். சந்திரன் இரண்டிலும் சிம்மத்தில், பூர நட்சத்திரம். "பத்துப் பொருத்தமும் நட்சத்திரத்தை வெச்சுத்தான் தம்பி. அதுல ரெண்டு பேருக்கும் வித்தியாசமே வராது" என்றார். பிறக்கும்போது இருந்த சுக்கிர தசை இருப்பில் மட்டும் நாற்பது நாள் போல வித்தியாசம்.

அயனாம்சம் கழிக்கும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. லக்னத்துக்கு வந்தபோது விளங்கியது. ஒரு ராசி உதித்து முடிய சுமார் இரண்டு மணி நேரம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். அக்கா பிறந்தபோது விருச்சிகம் 29 பாகையில் நின்றது. எட்டு நிமிடத்தில் அது முடிந்து தனுசு உதித்துவிட்டது. செவ்வாய் இரண்டு கட்டத்திலும் ரிஷபத்தில்தான். ஆனால் விருச்சிகத்திலிருந்து எண்ணினால் அது ஏழாமிடம், செவ்வாய் தோஷம். தனுசிலிருந்து ஆறாமிடம், லக்னப்படி தோஷம் இல்லை. களத்திர ஸ்தானாதிபதி அக்காவுக்குச் சுக்கிரன், தங்கைக்குப் புதன். நவாம்ச லக்னமும் மீனத்திலிருந்து மேஷத்துக்குப் போய்விட்டது.

பெரியவர் பேனாவை மூடினார். "எல்லா ரெட்டைக்கும் இப்படி மாறாது. ராசி நடுவுல பிறந்தா பத்து நிமிஷத்துக்கும் ஒரே லக்னம்தான். சந்தியில பிறந்தாத்தான் வம்பு. அங்க வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்குமே லக்னம் மாறும்."

அவரைக் கலங்க வைப்பது ஆஸ்பத்திரிச் சீட்டு. இரண்டு குழந்தைக்கும் 6.15 என்று ஒரே நேரம் எழுதித் தருவார்கள். நேரம் எப்போதும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். தாயிடமும் உடனிருந்தவர்களிடமும் விசாரித்த பிறகே கட்டம் போடுவார்.

இவ்வளவு பார்த்துக் கணித்ததைத் தரகர் கெடுத்திருந்தார். "ரெட்டைதானே" என்று அக்காவின் ஜாதகத்தையே ஜெராக்ஸ் எடுத்து இருவருக்கும் கொடுத்திருக்கிறார். தோஷமில்லாத தங்கையையும் செவ்வாய் ஜாதகம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்தால் இரு வீட்டிலும் கமிஷன் வாங்குகிறவருக்கு இரண்டாவது தாளைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை. நாள் முழுக்கக் கணக்குப் போட்டவருக்குக் கிடைப்பது வெற்றிலைத் தட்டில் வைத்த தட்சணை மட்டும். இது அநியாயம்.

ஜாதகம் பார்த்தே சம்பந்தம் பேசுகிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இரட்டைக் குழந்தை பிறந்தால் முதலாவது எத்தனை மணிக்கு, இரண்டாவது எத்தனை மணிக்கு என்று நிமிடத்தோடு அன்றே தனித்தனியாக எழுதிவையுங்கள். தரகர் கையில் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் அந்தப் பெண்ணின் பெயரும் பிறந்த நேரமும் இருக்கட்டும்.