சாரலும் சிப்பிக் காளானும்

வீட்டில் சும்மா கிடக்கும் சின்ன அறையில் காளான் போடலாமா, என்ன செலவாகும், யார் வாங்குவார்கள் என்று தென்காசியில் என்னிடம் கேட்காத சகோதரிகள் இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ வரும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் விற்பீர்கள்?" ஏனென்றால் சிப்பிக் காளான் முருங்கைக்காய் மாதிரி நாலு நாள் கூடையில் கிடக்காது. வெளியில் வைத்தால் ஒரு நாள். ஃபிரிட்ஜில் மூன்று, நாலு நாள். அதற்குமேல் ஓரம் பழுத்து, நீர் விட்டு, வாடை வந்துவிடும். ஆகையால் விற்பனையில் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

2023-ல் நான் ஆரம்பிக்கும்போது எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் விசாரித்ததில், தினம் நாலைந்து பாக்கெட்டுக்கு ஆள் இருந்தது. பாக்கெட்டுக்கு 200 கிராம். அதாவது தினம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. என் வீட்டில் ஒரு படுக்கைக்கு அரைக் கிலோ காய்ந்த வைக்கோல் வைத்தால், மூன்று பறிப்பும் சேர்த்துச் சராசரி 450 கிராம் காளான் கிடைக்கிறது. நாலு நாளைக்கு ஒரு முறை எட்டுப் படுக்கை போட்டால் கணக்குச் சரியாக வந்துவிடும். எல்லாப் படுக்கையையும் ஒரே நாளில் போட்டால் ஒரே வாரத்தில் முளைத்துத் திண்டாட வைக்கும். அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. வாங்கிப் பழகினவர்கள் வேறு காய்க்குப் போய்விடுவார்கள்.

முதல் செலவு எனக்கு ஆறாயிரம் ரூபாய். பெரிய அண்டாதான் அதில் அதிகம், 1,900. ஜன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலை அடிக்க 1,400. மீதி, உறி கட்டக் கயிறு, தரையில் பரப்ப மணல், சுவரோரம் தொங்கவிடச் சாக்கு, கைத் தெளிப்பான், ஈரப்பதமும் சூடும் காட்டும் சின்ன மீட்டர். பத்துக்கு எட்டு அறையில் பதினான்கு உறி, உறிக்கு நாலு படுக்கை. புதிதாகக் கட்டின படுக்கைகள் மட்டும் மாடிப்படிக்கு அடியில், வெளிச்சம் படாத அலமாரியில்.

செய்முறை இதுதான். வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஐந்து மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அண்டாவை ஏற்றுங்கள். வடிய விட்டு, நிழலில் உலர்த்தி, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். சொட்டு விழக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். இந்தப் பதம்தான் உயிர். பாலிதீன் பையின் அடியைக் கட்டி, இரண்டங்குலத்துக்கு வைக்கோல், மேலே காளான் வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு. 300 கிராம் வித்துப் புட்டி ஒன்று இரண்டு படுக்கைக்குப் போதும். வாயை இறுக்கிக் கட்டி, நடுவில் எதிரெதிராக இரண்டு துளை போட வேண்டும்.

பதினைந்திலிருந்து இருபது நாளில் பை முழுக்கப் பஞ்சு போல் வெளுக்கும். அப்போது பையைக் கிழித்து உறியில் ஏற்றி, தினம் இரு வேளை தண்ணீர் தெளித்தால், மூன்று நாலு நாளில் குண்டூசித் தலைபோல் மொட்டு தெரியும். அடுத்த மூன்றாம் நாள் பறிப்பு. எப்போதும் பறித்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். நனைந்த காளான் பாக்கெட்டில் அழுகும். பாக்கெட்டிலும் ஊசியால் நாலு துளை போடுங்கள்.

பறிக்கிற பருவத்தில் ஒரு முக்கிய விஷயம் இருக்கிறது. ஓரம் மேல் நோக்கி விரிய ஆரம்பிப்பதற்குள் பறித்துவிட வேண்டும். விரிந்த காளான் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூளை அறை முழுக்க உதிர்க்கும். தினம் அதை மூச்சில் இழுத்தால் விடாத இருமலும் இளைப்பும் வரும். அதனால் படுக்கையறையை ஒட்டின அறை வேண்டாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்தத் தொழிலே வேண்டாம்.

நம் ஊர்ச் சாரல் இதற்குப் பாதி வரம், பாதி சோதனை. ஆனி, ஆடியில் அறை தானாகவே குளிர்ந்து, மீட்டர் 25 டிகிரியும் 85 சதவீத ஈரமும் காட்டும். ஒரு வேளை தெளித்தாலே போதும். ஆனால் அதே ஈரத்தில் சின்னக் கறுப்பு ஈ பெருகும். படுக்கை வாயில் ஈ பறந்தால், அதன் புழு தண்டைத் துளைக்க ஆரம்பித்தது என்று அர்த்தம். அந்தப் படுக்கையை அன்றே வெளியேற்றுங்கள். பச்சைத் திட்டு வந்தாலும் அப்படித்தான். அதற்குப் பெரும்பாலும் வைக்கோல்தான் காரணம். பிசான அறுப்பு வைக்கோல் மாசி, பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்தது. அதை வருஷத்துக்கும் கட்டி வையுங்கள். மழையில் நனைந்த கார் வைக்கோல் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் சிப்பி சோர்ந்துவிடும். அந்தச் சூட்டுக்குப் பால் காளான் ஏற்றது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம் 30 டிகிரிக்கு மேலேயும் வளரும். முறைதான் வேறு.

இனி விற்பனை. "ஏம்மா, வைக்கப்படப்புல மொளைக்கதைக் காசு கொடுத்து வாங்குவாகளா?" என்று கேட்ட என் அத்தைதான் முதல் வாடிக்கையைப் பிடித்துக் கொடுத்தார்கள், கோயிலுக்குப் போகிற வழியில் பேசியே! வீட்டுக்கு நேராக விற்றால் பாக்கெட் 50 ரூபாய். காய்கறிக் கடைக்கு 40. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகளுக்கு மாலை போட்ட வீடுகளில் இறைச்சி கிடையாது. அப்போது பாக்கெட் போதாது.

குற்றாலம் ஓட்டல்காரர் ஒருவர், "அக்கா, சீசனுக்கு சனி, ஞாயிறு அஞ்சஞ்சு கிலோ கொடுங்க" என்றார். ஆசைதான். ஆனால் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் ஊர் காலி. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தபோது, அருவிகளில் தடை போட்டார்கள், ஓட்டல்கள் வெறிச்சோடின. மிஞ்சின காளானை வெயிலில் காய வைத்துச் சூப் பொடி செய்யலாம்தான். சாரல் காலத்தில் வெயில் ஏது? ஆகவே ஓட்டலுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. வீடுகளுக்குப் போக மிஞ்சுவதுதான் அங்கே.

வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் படுக்கைக்கு வித்து, வைக்கோல், பை, எரிவாயு எல்லாம் சேர்த்து 310 ரூபாய். கிடைப்பது பதினெட்டு பாக்கெட். பாதி வீட்டுக்கும் பாதி கடைக்குமாகப் போனால் 810. கையில் நிற்பது 500. மாதத்தில் ஏழு முறை போட்டால் 3,500. தினம் ஒன்றரை மணி நேர வேலைக்கு இதுதான் கூலி. வெளியூர் போனால் தெளிக்க ஆள் வைக்க வேண்டும்.

உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேட்டு, ஒரு நாள் போய்க் கையால் பழகி வாருங்கள். பிறகு எட்டே எட்டுப் படுக்கை போடுங்கள். அந்தப் பதினெட்டு பாக்கெட்டும் பறித்த அன்றன்றைக்கே விற்றுப்போனால், கொசுவலைக்காரரைக் கூப்பிடலாம்.