கதவு மூடியிருந்தது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது

நான் எழுதிய ஒரு நிரலால் ஒரு மனிதரின் சம்பளத்தில் நான்கு மாதம் பிடித்தம் நடந்தது. அது எனக்குத் தெரியவந்தது ஐந்தாவது மாதத்தில், மே மாதம்.

பாலும் காய்கறியும் கடைகளுக்குக் கொண்டுபோகும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். குளிர்பெட்டி பொருத்திய சிறிய வண்டிகள் எட்டு. ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, கதவு, என்ஜின், வேகம் ஆகிய நான்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகி எங்கள் கணினிக்கு வரும். வண்டிகளில் பால் கெடுவது ஏன் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் எளிமையாக யோசித்தேன். கதவு திறந்திருந்தால் வெப்பம் ஏறும். என்ஜின் நின்றிருந்தால் கம்ப்ரசர் சுற்றாது, அதனாலும் ஏறும். கதவு மூடி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறினால்? டீசல் மிச்சம் பிடிக்க ஓட்டுநர் குளிர் சுவிட்சை அணைத்திருக்கிறார். இந்த மூன்றாவதுக்கு `unit_off_by_driver` என்று பெயர் வைத்தேன். அது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெயரிலேயே தீர்ப்பு இருந்ததால் கணக்குப் பிரிவுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஒரு சிவப்புக் குறிக்கு 350 ரூபாய்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்று போகும் வண்டிக்குத்தான் சிவப்பு அதிகம். மே முதல் வாரத்தில் அதன் ஓட்டுநர் அலுவலகத்துக்கு வந்து, யார் இதை எழுதுவது என்று கேட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. சண்டைக்கு வரவில்லை. "ஒருநாள் எங்கூட வண்டில வந்து பாருங்க சார். நான் சுவிச்சத் தொட்டா நீங்களே காச புடிச்சிக்குங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சத்துவாச்சாரி பக்கம் உள்ள கிடங்கில் ஏறினேன். பெட்டியின் உள்ளளவு எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம். உள்ளே முன்சுவரில் குளிர்க்காற்று ஊதும் பகுதி. வெளியே, கேபினுக்கு மேலே, வெப்பத்தைத் தள்ளும் கண்டென்சரும் அதற்கு இரண்டு மின்விசிறிகளும். கம்ப்ரசரை வண்டியின் என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. தனி மோட்டார் கிடையாது. பால் 300 லிட்டர், காய்கறி ஏறக்குறைய 250 கிலோ. நான் ஒரு ஊசி வெப்பமானி கொண்டுபோயிருந்தேன். பாக்கெட்டைக் குத்தாமல் இரண்டு பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே அதைச் செருகி அழுத்திப் பிடித்தால் பாலின் வெப்பம் ஓரளவு சரியாகத் தெரியும். ஏற்றும்போது 5 டிகிரி. சரியாகத்தான் இருந்தது.

பத்தரை மணிவரை ஒரு குறையும் இல்லை. பதினொன்றே முக்காலுக்குக் கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டோம். வெளியே 41 டிகிரி. வண்டி நகரவில்லை. கேபின் திரையில் 6 என்றிருந்த எண் 7 ஆனது, பிறகு 8. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து எனக்குக் காட்டினார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது.

"காத குடுத்துக் கேளுங்க" என்றார்.

'டக்' என்று ஒரு சத்தம். என்ஜினின் இரைச்சல் லேசானது. ஒன்றரை நிமிடம் போயிருக்கும், மறுபடி 'டக்'. என்ஜின் திணறியது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் 'டக்', லேசானது.

"மிஷினு மூச்சு வாங்குது. நிக்கும்போது மட்டும் இப்படி. வண்டி ஓட ஆரம்பிச்சா சரியாப் பூடும்."

அது கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டுவதும் விடுவதும். கண்டென்சர் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் போனால் குழாய்க்குள் வாயுவின் அழுத்தம் ஏறும். ஒரு எல்லையைத் தாண்டினால் குழாய் வெடிக்காமலும் கம்ப்ரசர் கெடாமலும் இருக்க, ஒரு அழுத்தச் சுவிட்ச் தானாகக் கிளட்சை விடுவித்துவிடும். அழுத்தம் இறங்கியதும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். யாரும் எதையும் தொட வேண்டாம், திரையிலும் ஒன்றும் வராது. நெரிசலில் அரைமணி நேரம் நின்றால் அதில் பாதிக்கு மேல் இயந்திரம் குளிரவைக்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண்ணை மட்டும் பார்க்கும் என் நிரலில் இந்த 'டக் டக்' எங்கே தெரியும்? கதவு மூடியிருந்தது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வெப்பம் ஏறியது. சிவப்பு.

பாலாற்றுப் பாலம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு பத்து லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு கேபின்மேல் ஏறி, கண்டென்சர் தகட்டின்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினார். ஆவி கிளம்பியது. அதன்பிறகு கால்மணி நேரம் கிளட்ச் ஒருமுறைகூட விடவில்லை. நான் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும். வரைபடத்தில் தினமும் அந்தப் புள்ளியில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். அதற்கும் நான் ஒரு பெயர் வைத்திருந்தேன்: `unauthorised_stop`. அதற்கு 200 ரூபாய்.

அவரிடம் அதை அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.

நானும் மேலே ஏறிப் பார்த்தேன். தகட்டு இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இரண்டு விசிறியில் ஒன்று சுற்றவே இல்லை. சுற்றவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, மெதுவாகத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார் செத்து எத்தனை மாதமாயிற்றோ. பக்கத்து விசிறி தகட்டின் வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாக, செத்த விசிறியின் ஓட்டை வழியாகச் சுலபமாக இழுத்துக்கொண்டிருந்தது. தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றே தகட்டைக் குளிர்வித்துவிடுவதால் இந்தப் பழுது வெளியே தெரியாது. ஒர்க்ஷாப்பில் காலை ஏழு மணிக்கு, 28 டிகிரியில், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து 'ஓகே' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த நேரத்தில் அது ஓகேதான்.

அன்று இரவு நான்கு மாதப் பதிவையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். வேகம் என்ற பத்தி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. சிவப்புக் குறி விழுந்த அநேகமாக எல்லா நேரத்திலும் வண்டி பத்து கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்திருக்கிறது, முப்பதைத் தாண்டியதும் வெப்பம் இறங்கியிருக்கிறது. டீசல் திருடுகிறவர் நெரிசலில் மட்டும்தான் திருடுவாரா? ஒரே ஒரு வரைபடம் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை, ஏனென்றால் எனக்கு விடை முன்பே தெரிந்திருந்தது.

விசிறி மோட்டாரை மாற்றி, தகட்டைக் கழுவினார்கள். செலவு அந்த நான்கு மாதப் பிடித்தத்தைவிடக் குறைவு. நெரிசலில் ஏறி இறங்கும் வெப்பம் நின்றது. இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் பால் இன்னும் கெட்டது. ஒரு மணிக்குமேல், கே.வி.குப்பம் தாண்டிக் குடியாத்தம் போகும்போது திரையில் 7 காட்டும், கதவோரத்து டிரேயில் ஊசியைச் செருகினால் 11 காட்டும். திரைக்குப் போகும் சென்சார் முன்சுவரில், விசிறிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிரேக்களைக் கூரைவரை அடுக்கிவிட்டால் குளிர்க்காற்று பின்பக்கம்வரை வரவே வழியில்லை, சென்சாருக்கு அது தெரியவும் வழியில்லை. அடுக்கை ஒரு டிரே குறைத்து, கூரைக்கடியில் ஒரு முழம் இடம் விட்டோம். 11 என்பது 9 ஆனது. அதற்குமேல் இறங்கவில்லை.

அப்போதுதான் கல்லூரியில் படித்த தெர்மோடைனமிக்ஸைத் தூசி தட்டினேன். கணக்கு ஒன்றும் பெரியதில்லை. காய்கறி கிடங்குக்குள் போகாமல், சந்தையிலிருந்து நேராக வண்டியில் ஏறுகிறது. அதன் வெப்பம் 30 டிகிரி. 250 கிலோவை 8 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 22,000 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். எங்கள் யூனிட்டின் திறன் 2 கிலோவாட், அதாவது நொடிக்கு 2 கிலோஜூல். வேறு எந்த வேலையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே மூன்று மணி நேரம். அந்த 2 கிலோவாட்டும் முழுசாக இல்லை. தகவல் தாளில் அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'வெளி வெப்பம் 30 டிகிரியில்' என்றிருந்தது. கெடும் உணவுகளை ஏற்றிச் செல்வதற்கான ஏடிபி என்ற ஐரோப்பிய ஒப்பந்தம் 30 டிகிரியை வைத்துத்தான் சோதிக்கிறது. வேலூர் மே மாதத்துக்கு அது விடியற்காலை. 41 டிகிரியில், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, அந்த எண் எவ்வளவோ இறங்கிவிடும். இருப்பதில் சுவர் வழியாகக் கசியும் வெப்பத்துக்கே 400 வாட் போய்விடுகிறது. ஒவ்வொரு கடையிலும் கதவைத் திறந்தால் பெட்டியின் காற்று மொத்தமும் மாறி, அதைச் சரிக்கட்ட மூன்று நான்கு நிமிடம்.

இந்த வகை யூனிட் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதைக் குளிராக வைத்திருக்கச் செய்யப்பட்டது. சூடானதைக் குளிரவைக்க அல்ல. நாங்கள் பாலுக்குப் பக்கத்தில் 250 கிலோ எடையில் ஒரு அடுப்பைத் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கொத்தமல்லியும் கீரையும் பறித்த பிறகும் மூச்சு விடுகிறவை, அவை வெப்பத்தைத் தாமே உண்டாக்கும். போதாதற்கு, பாலுக்கு ஏற்ற 4 டிகிரி தக்காளிக்கு ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் அது ருசி கெட்டு, தோல் குழிந்துபோகும். பாலையும் தக்காளியையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு எந்த எண்ணை வைத்தாலும் ஒன்றுக்கு ஆகாது.

காய்கறியை முந்தின நாள் இரவே கிடங்கின் குளிர் அறையில் வைக்கச் சொன்னேன். தக்காளிக்கு வேறு வண்டி, குளிர் வேண்டாம், தார்ப்பாய் போதும். குடியாத்தத்தை முதலில் முடித்து, வெயில் ஏறும்போது பக்கத்துக் கடைகளுக்கு வரும்படி தடத்தைத் திருப்பச் சொன்னேன். முதல் இரண்டும் நடந்தன. தடத்தைத் திருப்பச் சம்மதம் கிடைக்கவில்லை, வேலூர்க் கடைக்காரர்கள் எட்டு மணிக்குப் பால் கேட்கிறார்கள். ஆகவே குடியாத்தம் போய்ச் சேரும்போது இப்போதும் 7 டிகிரி. பழைய 11-க்கு இது பரவாயில்லை, சரி என்று சொல்ல மாட்டேன்.

பிடித்த பணத்தில் இரண்டு மாதத்துடையது திரும்ப வந்தது. மீதி இரண்டு மாதக் கணக்கு முடிந்துவிட்டது, திறக்க முடியாது என்றார்கள். டீக்கடை நிறுத்தத்தைப் பற்றி அவரிடம் பிறகு சொன்னேன். "தெரியும் தம்பி, அதான் அன்னைக்கு உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்" என்றார். 'சார்' எப்போது 'தம்பி' ஆனது என்று கவனிக்கவில்லை.

வேலையை விடுவதற்கு முந்தைய வாரம் அவரை ஒருமுறை பார்த்தேன். கேபின்மேல் அந்தத் தண்ணீர் கேன் கட்டியிருந்தது.

"அதுக்கு இப்ப இன்னா பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

`cooling_lost_cause_unknown` என்று மாற்றியிருந்தேன். தமிழில் சொன்னேன்: "குளிர் போச்சு, ஏன்னு தெரியல."

"ம்" என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தார்.