போனவரைப் பூட்ட முடியுமா?

திருவண்ணாமலையில் என் நண்பன் ஏழு பேரை வைத்து ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறான். கிரிவலப் பாதை விடுதிகளுக்கு அறை முன்பதிவு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. புதிதாகச் சேரும் பெண்ணுக்கான ஒப்பந்தத்தை அனுப்பி, "படிச்சுப் பாருடா" என்றான். 'விலகிய பின் இரண்டு ஆண்டுகள் இந்தியாவில் எங்கும் இதே தொழில் செய்யக் கூடாது' என்று ஒரு வரி.

"இது கோர்ட்ல நிக்காதுடா."

"ஆறு மாசம்னு போட்டா?"

அதுவும் நிற்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு: சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. தடை நியாயமானதா என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் பார்க்கும். வேலையை விட்டுப் போனவர் விஷயத்தில் நம் பிரிவு அந்தக் கேள்விக்கே இடம் தருவதில்லை. அதனால் காலத்தைக் குறைத்துப் பயனில்லை.

நிற்பது எது? 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோலிகாரி வழக்கைப் பார்க்கலாம். செஞ்சுரி நிறுவனத்தின் டயர் கார்டு பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர் அவர். ஐந்து வருட ஒப்பந்தம் 1963 மார்ச்சில் தொடங்கியது. பயிற்சி முடித்துவிட்டு 1964இலேயே போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த ஒப்பந்தக் காலம் முடியும்வரை அங்கே வேலை செய்யக் கூடாது என்ற தடையை நீதிமன்றம் ஏற்றது. ஒப்பந்தக் காலத்துக்குள் என்பதுதான் இங்கே சூட்சுமம்.

1980இல் கிருஷன் முர்காய் வழக்கு. வேலையை 'விட்ட' பிறகு இரண்டு வருடம் போட்டித் தொழில் கூடாது என்பது ஷரத்து. நிறுவனமோ அவரை நீக்கியிருந்தது. 'விடுதல்' என்றால் தானாக விலகுவது, நீக்கப்பட்டவரை அது கட்டாது என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். அந்த ஷரத்தே 27ஆம் பிரிவின்படி செல்லாது என்றார் மூன்றாமவர் ஏ.பி. சென். ஒரு வினைச்சொல்லிலேயே வழக்கு போய்விட்டது.

நண்பனுக்கு உண்மையில் எதில் பயம்? அந்தப் பெண் வேறெங்கும் கோட் எழுதுவதிலா? இல்லை, அவனுடைய விடுதிகளைக் கூட்டிக்கொண்டு போவதில். அதை மட்டும் எழுதினோம்:

'பணி எவ்வகையில் முடிந்தாலும், அதன்பின் பன்னிரண்டு மாதங்களுக்கு, கடைசி ஓராண்டில் தான் நேரடியாகக் கவனித்த, இணைப்பில் பெயர் உள்ள விடுதிகளை, இதே சேவைக்காகத் தானாக அணுகக் கூடாது.'

'தானாக' என்ற சொல்லை அவன் அடிக்கப் பார்த்தான். விடவில்லை. எஃப்.எல். ஸ்மித் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: வாடிக்கையாளர் தானே தேடி வந்தால் அது ஆள் பிடித்தல் ஆகாது, அணுகியதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். விடுதிக்காரர் அவளுக்கு போன் போட்டால் அவள் எடுக்கலாம். இவள் அனுப்பிய மெயில் கையில் இருந்தால்தான் வழக்கே. அப்போதும் ஜெயம் உறுதியில்லை. 27ஆம் பிரிவு இதையும் உரசிப் பார்க்கும்.

கோட், விடுதிகளின் விலைப்பட்டியல் எல்லாம் தனி ரகசியக்காப்பு ஷரத்துக்குப் போயின. அந்த இரண்டு வருட வரி போனது. அது நீதிமன்றத்தில் செல்லாவிட்டாலும், படிக்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பயமுறுத்தி உட்கார வைத்திருக்கும். பல கம்பெனிகள் அதை வைத்திருப்பதே அதற்குத்தான்.