ஒரு ‘ட்’ போட்ட ஆட்டம்

என் மச்சினருக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. தன் காயோடு, வெளியில் வாங்கும் காயையும் சேர்த்து விற்பார். சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் இருக்கும் வியாபாரி ஒருவரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. தமிழ் தவிர வேறு பாஷை அவருக்குக் கிடையாது. “மாப்ள, நீங்க கவர்மெண்டு உத்தியோகம் பாத்தவரு, நீங்களே பேசிருங்க” என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு ஆபீஸில் வந்தது, அதுவும் ஃபைல்களின் வழியாக. குறிப்பு எழுதுவேன், கடிதம் வரைவேன். ஆனால் வேகமாகப் பேசும் ஒருவரின் ஆங்கிலத்தை முப்பத்தைந்து வருட சர்வீஸில் விரல் விட்டு எண்ணும்படிதான் கேட்டிருப்பேன். இதை மச்சினரிடம் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு.

விஷயம் சின்னது. இருநூறு கிலோ எட்டு மில்லி காய், கொச்சியில் அவருடைய ஏஜெண்டின் கிடங்குக்குப் போக வேண்டும். நான் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, “வீ கேன் செண்ட் இட் ஆன் மண்டே” என்றேன். அவர் உடனே கடகடவென்று ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது, “வீ கேன் டேக்கிட் பிஃபோர் த டென்த்”. பத்தாம் தேதிக்குள் எடுத்துக்கொள்கிறாராம். மச்சினர் திங்கட்கிழமையே லாரியில் ஏற்றிவிட்டார்.

கொச்சியில் ஏஜெண்ட் மூட்டைகளை இறக்க மறுத்துவிட்டார். பத்தாம் தேதிக்கு முன் இடம் இல்லை என்று முன்பே சொல்லியாயிற்றாம். ஐப்பசி அடைமழை. யாரோ ஒருவருடைய கொட்டகையில் நான்கு மூட்டைகளும் கிடந்தன. ஏலக்காய்க்கு ஈரக்காற்று ஆகாது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். இரண்டு மூட்டையில் பச்சை வெளுத்துப்போய், விலையைக் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது. மச்சினர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நல்லவேளையாக அவருடைய போனில் பேச்சு எல்லாம் தானாகப் பதிவாகும். அந்த மே மாதம் சிகாகோவிலிருந்து வந்திருந்த என் பேத்தி அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “தாத்தா, அவர் கேன்ட்டுன்னுதான் சொல்றார். நீங்கதான் கேன்னு கேட்டிருக்கீங்க. அதைவிட வேடிக்கை, நீங்க கேன்னு சொன்னதை அவர் கேன்ட்டுன்னு எடுத்துக்கிட்டார்!”

ஆக, திங்கட்கிழமை அனுப்ப முடியாது என்று நான் சொன்னதாக அவர் நினைத்திருக்கிறார். “பரவாயில்லை, எப்படியும் பத்தாம் தேதிக்கு முன் எங்களால் எடுக்க முடியாது” என்று பதில் சொல்லியிருக்கிறார். அதை நான் ‘எடுக்க முடியும்’ என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்துவிட்டோம்!

ஆபீஸ் புத்தி விடுமா? பதிவை நானும் பத்துப் பதினைந்து முறை போட்டுக் கேட்டேன். ‘கேன்ட்’டில் கடைசி ‘ட்’ வெடிக்கவே இல்லை. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது, அடுத்து வந்த ‘டேக்’கின் ‘ட்’ வரும்போதுதான் பிரிந்தது. இரண்டு ‘ட்’டுக்கும் சேர்த்து ஒரே வெடிப்பு. அதற்குப் பிறகு ‘டேக்’கும் ‘இட்’டும் ஒட்டி ‘டேக்கிட்’. இந்த ஒட்டுதல் நமக்குப் புதிதல்ல. தமிழும் இசையும் சேர்ந்தால் தமிழிசைதானே? ‘கோ இன்’ என்பதை அவர்கள் ‘கோவின்’ என்று சொல்வதும், நாம் திருவும் அருளும் சேர்த்துத் திருவருள் என்பதும் ஒரே காரியம்தான். பிரெஞ்சிலும் எங்கள் வாத்தியார் சொல்வதெழுதுதலில் இதைத்தான் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார். ‘ப்தி’ என்று தனியே நிற்கும் சொல்லுக்கு, பின்னால் உயிரெழுத்து வந்தால் எங்கிருந்தோ ஒரு ‘த்’ முளைக்கும். எனவே சொற்கள் ஒட்டுவது எனக்குத் தெரியும். விழ வைத்தது அது இல்லை.

விழ வைத்தது ‘கேன்’. ஆங்கிலேயரோ அமெரிக்கரோ, வாக்கியத்தின் நடுவில் வரும் ‘கேன்’ என்ற சொல்லை ‘கேன்’ என்று சொல்வதே இல்லையாம். ‘க்ன்’ என்று ஒரு முனகல், அவ்வளவுதான். “வீ க்ன் டேக்கிட்.” பாரம் முழுவதும் ‘டேக்’ மேல். ‘டு’, ‘ஃபார்’, ‘ஆஃப்’, ‘ஆண்ட்’ எல்லாவற்றுக்கும் இதே கதி. பாரம் விழும் சொற்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் தாளம்போல் வர வேண்டும், நடுவில் மாட்டிக்கொண்ட குட்டிச் சொற்கள் நசுங்கியே தீரும். ‘கேன்ட்’ மட்டும் நசுங்குவதில்லை, அது மறுப்பைச் சுமக்கிறது அல்லவா? உயிரெழுத்து முழுசாக நிற்கும். ஆகவே அமெரிக்கர் காது ‘ட்’டைத் தேடுவதே இல்லை. முழுசாக ‘கேன்’ கேட்டால் முடியாது, ‘க்ன்’ என்று முனகினால் முடியும். நானோ தமிழையும் பிரெஞ்சையும் பேசிப் பழகியவன். இரண்டிலும் ஒவ்வொரு அசைக்கும் அதனதன் இடம் உண்டு. ‘கேன்’ என்று திருத்தமாக, முழுசாக உச்சரித்தேன். அவருக்கு அது முடியாது என்று கேட்டது. தெளிவாகப் பேசியதால் வந்த வினை!

நாமும் விழுங்கத்தான் செய்கிறோம். இந்த ஊரில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று எவர் சொல்கிறார்? ‘போய்ட்டாரேன்’தான். ஆனால் தமிழில் எவ்வளவு விழுங்கினாலும் ‘முடியும்’ வேறு, ‘முடியாது’ வேறு. மறுப்பு கடைசியில் வந்து முழங்கிவிட்டுத்தான் போகும். பிரெஞ்சில் மறுப்புக்கு இரண்டு துண்டு, ‘ந’ என்றும் ‘பா’ என்றும். பேச்சில் ‘ந’வை விட்டுவிடுவார்கள், ‘பா’ மட்டும் பத்திரமாக இருக்கும். ஆங்கிலம்தான் ஒரு வியாபாரத்தையே கவிழ்க்கும் மறுப்பைச் சொல்லின் நுனியில் ஒரு ‘ட்’டாக ஒட்டிவைத்து, பிறகு அதையும் விழுங்கிவிடுகிறது.

பேத்தி இரண்டு எச்சரிக்கை சொன்னாள். லண்டன்காரர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் மறுப்பைக் ‘கான்ட்’ என்பார்கள், உயிரெழுத்தே வேறு. அடுத்தது, ‘கேன்’ வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அமெரிக்கரும் முழுசாகத்தான் சொல்வார். “யெஸ், வீ கேன்” என்பது போல. அங்கே நம் சூத்திரத்தைப் போட்டால் மறுபடியும் கவிழ்வோம். “அவர் கடைசில ‘எனிவே’ன்னு ஒண்ணு சொல்றாரே, அதைக் கேட்டிருந்தாலே பிடிச்சிருக்கலாமே தாத்தா” என்றாள். கேட்டது. அது ஏதோ ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் ‘கேன்’ பக்கமே போவதில்லை. “மண்டே ஓகே? ஆர் ஆஃப்டர் த டென்த்?” என்று கேட்டு, தேதியை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். மறுக்க வேண்டுமானால் ‘கேன்னாட்’ என்று இரண்டு அசையாக. கேட்பவருக்கு விறைப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சினர் மறுபடியும் போனை என்னிடம்தான் தருகிறார். பேசி முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கேட்பார்: “மாப்ள, ‘கேன்’னானா, ‘க்ன்’னானா?”