விகிதம் ஒன்று ஆனபோது

வகுப்புத் தேர்வில், (1·3·5…(2n−1)) / (2·4·6…(2n)) என்பதைப் பொது உறுப்பாகக் கொண்ட தொடர் ஒருங்குமா, விரியுமா என்று கேட்டிருந்தார்கள். விகிதச் சோதனை போட்டேன். எல்லை 1 வந்தது. ஒன்றைத் தாண்டவில்லையே என்று எண்ணி, 'ஒருங்கும்' என எழுதினேன். மதிப்பெண் போயிற்று.

பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. எளியதிலிருந்து தொடங்கினேன். திங்களன்று, உறுப்பு பூச்சியத்தை நெருங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். நெருங்காவிட்டால் தொடர் விரியும். நெருங்கினால் ஒன்றும் சொல்ல முடியாது. செவ்வாய்க்குப் பெருக்குத் தொடரும் 1/nᵖ தொடரும். பின்னதில் p ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் ஒருங்கும். இவ்விரண்டும் கைவசம் இல்லாமல் ஒப்பீட்டுச் சோதனையைத் தொட முடியாது, எதனோடு ஒப்பிடுவது? அதற்கே புதனும் வியாழனும் போயின.

வெள்ளியன்று விகிதச் சோதனையை 1/n, 1/n² இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் எல்லை 1. ஆனால் முன்னது விரியும், பின்னது ஒருங்கும் என்று செவ்வாயன்றே படித்திருந்தேன். அப்போதுதான் என் பிழை விளங்கியது: எல்லை 1 என்றால் அச்சோதனை வாய் திறப்பதில்லை. மூலச் சோதனையும் அப்படியே.

சனிக்கிழமை ராபேயின் சோதனை. உறுப்பை அடுத்த உறுப்பால் வகுத்து, 1-ஐக் கழித்து, n-ஆல் பெருக்க வேண்டும். எல்லை 1-க்கு மேல் என்றால் ஒருங்கும், கீழ் என்றால் விரியும். என் பழைய கணக்கில் அது n/(2n+1), எல்லை 1/2. ஆகவே தொடர் விரியும்.

ஞாயிறு, குறி மாறி மாறி வரும் தொடர்களுக்கான லைப்னிட்ஸ் சோதனையோடு முடிந்தது.